ஒரு ஏரி எப்படிப் பிறந்தது, ஏன் உப்பானது: வரைபடத்திலிருந்து கண்டறியும் முறை

தமிழ்நாட்டில் ஏரி என்று சொன்னவுடன் நம் மனத்தில் எழுவது ஒரு கரை, அதில் பதித்த மதகு, மிகுந்த நீர் வழிந்தோடும் கலங்கல் ஆகிய மூன்றும்தான். செம்பரம்பாக்கமும் வீராணமும் மனிதர் கரை கட்டித் தேக்கியவை. உதகையிலும் கொடைக்கானலிலும் படகு விடும் ஏரிகள்கூட 19ஆம் நூற்றாண்டில் ஓடைகளை மறித்து உண்டாக்கப்பட்டவையே. இயற்கை ஏரிகளை முதன்முதலாகப் படிக்க வருபவருக்கு இந்தப் பழக்கம் ஒரு குறையன்று. பள்ளம் எது, கரை எது, கலங்கல் எங்கே என்ற நம் ஊர்க் கேள்விகளையே உலகின் எந்த ஏரியிடமும் கேட்கலாம். பள்ளத்துக்கும் கரைக்கும் கிடைக்கும் விடை ஏரியின் பிறப்பைச் சொல்லும். கலங்கலுக்குக் கிடைக்கும் விடை அதன் நீர் நன்னீரா உப்புநீரா என்பதைச் சொல்லும்.

இந்த வழிகாட்டியைப் பின்பற்ற, செயற்கைக்கோள் படம் காட்டும் ஏதேனும் ஒரு வரைபடச் செயலி போதும். உயரத்தையும் தொலைவையும் அளக்கும் வசதி அதில் இருக்க வேண்டும். ஏரியின் ஆழத்தை மட்டும் தனியாகத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள் படத்தில் அது தெரியாது.

முதற்படி: கரையைத் தேடுங்கள்

ஏரியைத் திரையில் கொண்டுவந்ததும், அதன் தாழ்ந்த முனையில் நேர்க்கோடாக ஓர் அணை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது செயற்கை நீர்த்தேக்கமாக இருக்கலாம், அல்லது இயற்கை ஏரியின் வாயில் பிற்காலத்தில் கதவு பொருத்தப்பட்டிருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய அடையாளம் உண்டு. அணையால் மட்டும் தேங்கிய நீர், மூழ்கிய ஓடைகளின் கிளைகளுக்குள் எல்லாம் நுழைந்து இலை நரம்பைப் போன்ற விளிம்பைக் கொண்டிருக்கும்; அணையை ஒட்டிய இடமே மிக ஆழமானதாகவும் இருக்கும். இயற்கை ஏரியில் மிக ஆழமான இடம் பெரும்பாலும் வாயிலிருந்து தள்ளி உள்ளே இருக்கும்.

இரண்டாம் படி: வடிவத்தையும் ஆழத்தையும் சேர்த்துப் படியுங்கள்

வடிவத்தை மட்டும் பார்த்து முடிவுக்கு வருவதே தொடக்கத்தில் பலரும் செய்யும் தவறு. வடிவம் ஐயத்தை எழுப்பும். ஆழமும் சுற்றியுள்ள நிலமும்தான் அந்த ஐயத்தைத் தீர்க்கும்.

ஏரி நீண்டு, ஒடுங்கி, இரு கரைகளும் செங்குத்தாக நேர்க்கோட்டில் ஓடி, ஆழம் நூற்றுக்கணக்கான மீட்டரைத் தொட்டால், அங்கே நிலம் பிளந்து கீழிறங்கியிருக்கிறது என்று எண்ணலாம். புவித்தட்டு இருபுறமும் இழுபடும்போது நடுத்துண்டு சரிந்து இறங்குவதால் உண்டாகும் பிளவுப் பள்ளத்தாக்குகளே உலகின் மிக ஆழமான ஏரிகளைத் தாங்கி நிற்கின்றன. சைபீரியாவின் பைக்கால் 636 கி.மீ. நீளமும் 1,642 மீ. ஆழமும் உடையது, ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏறத்தாழ 1,470 மீ. ஆழமுடையது. இவ்வகை ஏரிகளுக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. ஆறுகள் கொண்டுவரும் வண்டல் சாதாரண ஏரியைச் சில பத்தாயிரம் ஆண்டுகளில் தூர்த்துவிடும். பிளவு ஏரியிலோ வண்டல் நிரம்ப நிரம்ப அடித்தளமும் இறங்கிக்கொண்டே போகிறது. பைக்காலின் அடியில் பல கிலோமீட்டர் தடிப்புள்ள வண்டல் படிந்த பின்னும் அது உலகின் மிக ஆழமான ஏரியாக நீடிப்பதற்குக் காரணம் இதுவே.

பனி தோண்டிய ஏரியும் நீண்டிருக்கும் என்பதால் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது. பனியாறு ஏற்கெனவே இருந்த ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே ஊர்ந்து, அடியில் சிக்கிய பாறைகளைக் கொண்டு அதை ஆழமாகவும் அகலமாகவும் தேய்த்துவிடுகிறது. பிறகு உருகிப் பின்வாங்கும்போது, தன் முனையில் கற்களையும் மண்ணையும் ஒரு கரைபோலக் குவித்து விட்டுச் செல்கிறது. ஆகவே ஏரியின் கீழ்முனையில், பெருங்கல்லும் நுண்மண்ணும் தரம் பிரியாமல் கலந்து கிடக்கும் பிறை வடிவ மேடு ஒன்று தென்பட்டால், அது பனியின் வேலை என்று நம்பலாம். இதற்கு உறுதி சேர்க்கும் சான்று ஆழத்தில் கிடைக்கும். கடலில் சேரும் ஆறு தன் படுகையைக் கடல்மட்டத்துக்கு வெகுகீழே அரிக்க முடியாது. எடையால் அழுத்திக்கொண்டு மேட்டிலும் ஏறிச் செல்லும் பனிக்கு அந்த வரம்பு இல்லை. நியூயார்க் மாநிலத்தின் செனிகா ஏரியின் நீர்மட்டம் கடலுக்கு மேல் சுமார் 136 மீட்டரில் இருக்க, அதன் ஆழமோ 188 மீட்டர். அதாவது ஏரியின் அடி கடல்மட்டத்துக்கு 50 மீட்டருக்கும் கீழே இருக்கிறது.

பனியாறு குவித்த கரைக்கு நம் ஏரிக்கரையைப் போன்ற உறுதி கிடையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அது இறுகாத கற்குவியல்; சில இடங்களில் அதனுள்ளே பழைய பனிக்கட்டியும் புதைந்திருக்கும். 2023 அக்டோபரில் சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரிக்குள் பெரும் நிலச்சரிவு விழுந்தபோது, எழுந்த அலை அத்தகைய கரையை உடைத்தது. தீஸ்தா ஆற்றில் பாய்ந்த வெள்ளம் சுங்தாங்கில் இருந்த அணையையே அடித்துச் சென்றது. இமயமலையில் இப்படிப்பட்ட ஏரி ஒன்றைப் படிப்பவர், நீர் வழியும் இடம் பாறையிலா கற்குவியலிலா என்பதையே முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்.

வட்டமான ஏரியைக் கண்டால் எரிமலை என்று முடிவு கட்டத் தோன்றும். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்திலுள்ள கிரேட்டர் ஏரி இதற்கு நல்ல சான்று. சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் மசாமா என்ற எரிமலை, தன் அடியிலிருந்த பாறைக்குழம்பைப் பெருமளவு வெளியே கொட்டியது. தாங்கிநின்ற குழம்பு போய்விட்டதால் மலையின் உச்சி உள்நோக்கி இடிந்து விழுந்தது. ஏரி இருக்கும் பள்ளம் எரிமலை கக்கிய வாயை விடப் பன்மடங்கு பெரிது. 8 முதல் 10 கி.மீ. அகலமுள்ள அந்தக் குழி உச்சி இடிந்ததால் உண்டானதாகும். 594 மீ. ஆழமுள்ள அந்த ஏரியில் எந்த ஆறும் வந்து சேருவதில்லை; மழையும் பனியுமே அதை நிரப்பின.

ஆனால் மகாராஷ்டிரத்தின் லோனார் ஏரியும் வட்டமானதே. அதைச் சுற்றியிருப்பதும் எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறையே. நெடுங்காலம் அதையும் எரிமலை வாய் என்றே பலர் கருதினர். அங்கே கிடைத்த பாறைகளில், மிகக் கடுமையான அதிர்ச்சி அலையால் மட்டுமே உண்டாகக்கூடிய கண்ணாடிப் பொருள் காணப்பட்ட பிறகு, அது விண்கல் மோதிய குழி என்பது உறுதியானது. சுற்றியுள்ள பாறை, பள்ளம் உண்டாவதற்குப் பல கோடி ஆண்டுகள் முந்தியது. ஏரியைச் சுற்றியுள்ள பாறையின் வயது வேறு, பள்ளத்தின் வயது வேறு என்ற வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் இந்தத் தவறு நேராது.

ஆறு விட்டுச்சென்ற ஏரியை அடையாளம் காண்பது எல்லாவற்றிலும் எளிது. சமவெளியில் வளைந்தோடும் ஆறு, வளைவின் வெளிப்புறக் கரையை அரித்து, உட்புறத்தில் மணலைப் படியவைக்கிறது. வளைவு முற்றி அதன் கழுத்து ஒடுங்கிய நிலையில், ஒரு பெருவெள்ளம் கழுத்தை அறுத்து நேராகப் பாய்ந்துவிடும். கைவிடப்பட்ட வளைவின் இரு முனைகளையும் வண்டல் அடைக்க, குதிரைக் குளம்பு ஏரி பிறக்கும். பீகாரின் பேகுசராய் மாவட்டத்தில் உள்ள கன்வார் ஏரி, பூரி கண்டக் ஆறு இப்படி விட்டுச்சென்றது. ஏரியின் வளைவு அருகிலுள்ள ஆற்றின் வளைவுகளோடு அளவில் ஒத்திருப்பதும், இடைப்பட்ட வயல்களில் பழைய மணல்மேடுகள் பிறை பிறையாகத் தெரிவதும் இதற்கான அடையாளங்கள். இந்த ஏரிகள் ஆழமற்றவை. வெள்ளக்காலத்தில் ஆற்றுநீர் வந்து அலசிவிட்டுப் போகும். உப்பாவதற்குள் பெரும்பாலும் தூர்ந்துவிடும்.

மூன்றாம் படி: கலங்கலைத் தேடுங்கள்

பிறப்பை அறிந்தாயிற்று. இனி, இதுவரை படித்த வடிவத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, ஏரியிலிருந்து நீர் வெளியேறுகிறதா என்ற ஒரே கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் ஏரியின் விளிம்பை முழுவதும் சுற்றி வாருங்கள். உள்ளே வரும் ஆறு, ஏரியில் சேரும் இடத்தில் மண்ணைக் கொட்டி விசிறிபோன்ற திட்டை உண்டாக்கியிருக்கும்; வெளியேறும் ஆற்றின் வாயில் அப்படி எதுவும் இராது, நீரும் தெளிவாக இருக்கும். ஐயம் இருந்தால் ஆற்றின் வழியே சில கிலோமீட்டர் தள்ளி உயரத்தை அளந்து, நிலம் எப்பக்கம் தாழ்கிறது என்று பாருங்கள்.

இது ஏன் அத்தனை முக்கியம் என்பதை ஒரு கணக்கால் காட்டுகிறேன். நாம் நன்னீர் என்று குடிக்கும் ஆற்றுநீரிலும் பாறையிலிருந்து கரைந்த உப்புகள் உண்டு. ஒரு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். 10 மீ. ஆழமுள்ள, கலங்கல் இல்லாத ஓர் ஏரியில் ஒரு சதுர மீட்டர் பரப்பை மட்டும் எடுத்துக்கொண்டால், அதன் கீழே 10,000 லிட்டர் நீர் நிற்கிறது. வறண்ட நாட்டில் ஆண்டுக்கு ஒன்றரை மீட்டர், அதாவது 1,500 லிட்டர், ஆவியாகிப் போகிறது. அதே அளவை ஆறு கொண்டுவந்து நிரப்புகிறது. ஆவியாகும் நீர் உப்பை எடுத்துச் செல்வதில்லை. ஆகவே ஆண்டுதோறும் 300 கிராம் உப்பு உள்ளேயே தங்குகிறது. ஒவ்வொரு லிட்டரிலும் 30 மில்லிகிராம் கூடுகிறது. இதே வேகத்தில் போனால் கடல்நீரின் அளவான லிட்டருக்கு 35 கிராமை எட்ட ஏறத்தாழ 1,200 ஆண்டுகள் போதும். ஏரியின் வாழ்நாளில் அது மிகச் சிறிய காலம்.

இப்போது அதே ஏரிக்கு ஒரு கலங்கல் வைப்போம். ஆறு 3,000 லிட்டர் கொண்டுவர, பாதி ஆவியாகி, பாதி வழிந்தோடுகிறது என்று கொள்வோம். வரும் உப்பு 600 கிராம். வழியும் 1,500 லிட்டர் அந்த 600 கிராமையும் எடுத்துச் செல்லும் நிலை வந்ததும் உப்பு கூடுவது நின்றுவிடும். அப்போது லிட்டருக்கு 400 மில்லிகிராம் இருக்கும். எத்தனை இலட்சம் ஆண்டு ஆனாலும் அதற்கு மேல் ஏறாது. கலங்கல் மிகச் சிறியதாகி, ஆண்டுக்கு 150 லிட்டர் மட்டுமே வழிந்தாலும், உப்பு லிட்டருக்கு 2,200 மில்லிகிராமில் நின்றுவிடுகிறது; குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் மேல்வரம்பான 2,000 மில்லிகிராமைச் சற்றே தாண்டிய அளவு அது. ஏரியின் உப்பைத் தீர்மானிப்பதில் வயதுக்கோ பிறப்புக்கோ இல்லாத செல்வாக்கு இந்தச் சிறு வழிவுக்கு இருக்கிறது.

கலங்கல் கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம். மேலே சொன்ன கிரேட்டர் ஏரிக்கு வெளியேறும் ஆறு இல்லை. கணக்கின்படி அது உப்பாகியிருக்க வேண்டும். ஆனால் அதன் நீர் உலகின் மிகத் தூய ஏரிநீர்களுள் ஒன்று. குழியின் சுவரில் நீர் கசியக்கூடிய அடுக்குகள் இருப்பதால், மட்டம் ஓர் அளவுக்கு உயர்ந்ததும் மிகுதி நீர் பாறை வழியே கசிந்து வெளியேறுகிறது; அதோடு உப்பும் போய்விடுகிறது. வெளியேறும் ஆறு இல்லாத ஏரி நன்னீராக இருந்தால், கீழ்ச்சரிவில் ஊற்றுகளைத் தேடுங்கள்.

கலங்கல் இருந்து அடைபட்டதும் உண்டு. லடாக்கில் தொடங்கித் திபெத்துக்குள் நீளும் 134 கி.மீ. நீள பாங்கோங் ஏரியின் நீர் ஒரு காலத்தில் மேற்கு முனை வழியே ஷியோக் ஆற்றுக்கு, அங்கிருந்து சிந்துவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த வாய் கற்குவியலால் அடைபட்ட பின், மேற்குப் பகுதி உப்பேறியது. நன்னீர் வந்து சேரும் கிழக்குப் பகுதியில் உப்பு குறைவு. கரையோரச் சரிவுகளில், இன்றைய நீர்மட்டத்துக்கு மேலே படிக்கட்டுகள்போல் கிடையாக ஓடும் கோடுகள் பழைய நீர்மட்டங்களைக் காட்டுகின்றன. எந்த உப்பேரியானாலும் இந்தக் கோடுகளைத் தேடிப் பாருங்கள். மிக உயர்ந்த கோடு பழைய கலங்கலின் உயரத்தோடு பொருந்தினால், ஏரி அங்கே வழிந்தோடியது என்பதற்கு அது நல்ல சான்று.

ஒரே ஆற்றில் இரண்டு ஏரிகள்

இப்படிகளை முழுமையாகப் பயிற்சி செய்ய கலிலேயாக் கடலையும் சாக்கடலையும் விடச் சிறந்த இணை எனக்குத் தெரிந்தவரை வேறில்லை. பெயரில் கடல் இருந்தாலும் இரண்டும் ஏரிகளே. இரண்டும் ஒரே பிளவின் மேல், சுமார் 100 கி.மீ. இடைவெளியில், ஒரே யோர்தான் ஆற்றின் வழியில் இருக்கின்றன.

முதலில் பிறப்பு. அரேபியத் தட்டு தன் மேற்கு அண்டைப் பகுதியை உரசிக்கொண்டு வடக்கே நகர்கிறது. வேகம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான், ஆயினும் இதுவரை நகர்ந்த மொத்தத் தொலைவு நூறு கிலோமீட்டரைத் தொட்டுவிட்டது. உரசும் கோடு ஓரிடத்தில் பக்கவாட்டில் இடம்மாறினால் என்ன ஆகும் என்பதை, ஒரு தாளைப் படிக்கட்டு வடிவில் கிழித்து இரு துண்டுகளையும் மேசையில் பொருத்திவைத்துப் பார்க்கலாம். படிக்கு மேற்பக்கம் இருக்கும் துண்டை மேலே நகர்த்துங்கள். நேரான ஓரங்கள் உரசிக்கொண்டு போகும், படி இருந்த இடத்தில் மட்டும் ஒரு செவ்வக இடைவெளி திறக்கும். சாக்கடல் அத்தகைய இடைவெளியில் இறங்கிய நிலத்தில் நிற்கிறது. வரைபடத்தில் அதன் நீண்ட உருவும் நேரான கிழக்குக் கரையும் அதைக் காட்டும். அதன் நீர்மட்டம் கடலுக்கு 430 மீட்டருக்கும் கீழே உள்ளது. நீரின் ஆழமோ இன்னும் 300 மீட்டர் அளவு.

இனி கலங்கல். கலிலேயாக் கடலின் மட்டம் கடலுக்குக் கீழ் சுமார் 210 மீட்டர். யோர்தான் வடக்கே நுழைந்து தெற்கே வெளியேறுகிறது. தெற்கு வாய்க்கு 1930களில் கதவு வைத்த பிறகும் அதன் நீர் குடிநீராகவே பயன்படுகிறது. வெளியேறிய ஆறு சாக்கடலில் சேர்கிறது. அதற்கப்பால் செல்லத் தாழ்ந்த இடம் பூமியின் நிலப்பரப்பில் எங்குமில்லை. ஒரே ஆறு, ஒரே பிளவு; ஒன்றின் நீரைக் குடிக்கிறார்கள், மற்றொன்றின் நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 340 கிராம் உப்பைச் சுமந்து நிற்கிறது.

ஆனால் இத்தோடு நிறுத்திவிட்டால் பாதி உண்மையைத்தான் சொன்னவர்களாவோம். சாக்கடலின் உப்பைச் சோதித்தால், கடலுப்பில் முதன்மையான சோடியத்தை விட மக்னீசியம் மிகுந்திருப்பது தெரியும். அதனால்தான் அந்நீர் உப்புக்கரிப்பாக மட்டுமின்றி நாவைச் சுடும் கசப்பாகவும் இருக்கிறது. ஆற்றுநீர் வற்றியதால் மட்டும் இந்தக் கலவை வராது. சில மில்லியன் ஆண்டுகளுக்கு முன் மத்தியதரைக் கடலின் நீர் இப்பள்ளத்துக்குள் புகுந்து, வற்றி, பெருமளவு கல்லுப்பைப் படியவைத்தது. தென்மேற்குக் கரையில் நிற்கும் சோதோம் மலை அந்த உப்பு அடியிலிருந்து பிதுங்கி எழுந்ததே. சாதாரண உப்பு படிந்த பிறகு மிஞ்சிய கசப்பு நீரின் வழிவந்ததே இன்றைய சாக்கடல். ஆகவே உப்பின் அளவைக் கொண்டு ஏரியின் வயதைக் கணக்கிட முனையும்போது, உப்பு வந்த வழி ஆறு மட்டும்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். கலிலேயாக் கடலிலும் இதன் சாயல் உண்டு: அதன் மேற்குக் கரையிலும் அடியிலும் உவர் ஊற்றுகள் சுரக்கின்றன. 1960களில் அவற்றுள் பெரியவற்றின் நீரை ஒரு தனிக் கால்வாயில் பிரித்து ஏரிக்குத் தெற்கே விட்ட பிறகே ஏரியின் உவர்ப்பு குறைந்தது.

நான்காம் படி: நீரையும் கரையையும் சோதியுங்கள்

நேரில் ஓர் ஏரிக்குச் செல்ல முடிந்தால், ஒரு லிட்டர் நீரை வடிகட்டி, எடை பார்த்த பாத்திரத்தில் மெல்லிய தீயில் வற்றவைத்து, மிஞ்சுவதை எடை போடுங்கள். கையடக்க உப்புமானிகள் பெரும்பாலும் குடிநீருக்காகச் செய்யப்பட்டவை. உப்பு மிகுந்த நீரில் அவை வரம்பைத் தாண்டிப் பிழையான எண்ணைக் காட்டும். வற்றும்போது எது முதலில் படிகிறது என்று கவனித்தால் இன்னும் கூடுதலாக அறியலாம். முதலில் வெண்சுண்ணம், பிறகு ஜிப்சம், அதன் பிறகு சமையலுப்பு என்பதே வழக்கமான வரிசை. இறுதியில் வழவழப்பான கசப்பு நீர் ஒன்று உலராமல் நின்று, காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கசிந்துகொண்டே இருந்தால் அது மக்னீசிய உப்பு. இப்படி ஈரம் கசியும் நீரில் எடைக்கணக்கு உண்மையை விட மிகுத்துக் காட்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சாக்கடலின் மேற்குக் கரையில், மசாதாக் கோட்டையின் அடிவாரத்தில், இதே வரிசையின் தொடக்கம் நிலத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. பனியுகத்தின் இறுதிப்பகுதியில் இப்பள்ளத்தை நிரப்பிய லிசான் என்னும் பெரிய ஏரியின் படிவுகள் அங்கே சிறு குன்றுகளாக நிற்கின்றன. ஒரு துண்டைக் கையிலெடுத்தால், மில்லிமீட்டர் அளவுள்ள வெண்மை வரியும் சாம்பல் வரியும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். சாம்பல் வரி மழைக்கால வெள்ளம் கொண்டுவந்த சேறு. வெண்மை வரி ஏரிநீரிலிருந்தே படிந்த சுண்ணம். நகத்தால் கீறினால் மாவாக உதிரும்.

இன்றைய சாக்கடலின் மட்டம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்கிறது. யோர்தானும் அதன் துணையாறான யார்முக்கும் மேலேயே குடிநீருக்கும் பாசனத்துக்கும் எடுக்கப்படுவதும், தெற்குப் பாத்திகளில் தாது எடுப்பதற்காக ஏரிநீர் ஆவியாக்கப்படுவதும் இதற்குக் காரணங்கள். நீர் விலகிய கரையின் அடியில் புதைந்துள்ள உப்பு அடுக்குகளை நிலத்தடி நன்னீர் கரைக்க, மேலே நிலம் திடீரெனக் குழிகளாக உள்வாங்குகிறது. கரையை நேரில் காணச் செல்பவர்கள் எச்சரிக்கைப் பலகைகளுக்கு அப்பால் கால் வைக்கக் கூடாது. இருந்தும் இந்த ஏரி முழுவதும் வற்றிவிடும் என்று கொள்வதற்கில்லை. உப்பு செறியச் செறிய நீர் ஆவியாவது கடினமாகிறது; பரப்பும் சுருங்குகிறது. வரும் சிறிதளவு நீரும் போகும் ஆவியும் சமமாகும் மட்டம் ஒன்று இன்னும் கீழே இருக்கிறது. ஏரி அங்கே போய் நிற்கும்.